மேடையில் பத்து, பாஸ்புக்கில் எத்தனை?

இந்த மாதத்தோடு ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் எனக்குப் பத்து வருடம் முடிந்தது. மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழும் வெள்ளிக் காசும் கொடுத்தார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். ஆனால் பத்து என்ற எண்ணுக்கு இன்னோர் இடத்தில் பெரிய மதிப்பு இருக்கிறது. பி.எஃப். பென்ஷனைச் சொல்கிறேன். லைனில் என் பக்கத்தில் நிற்கும் தம்பிகள் பலருக்கு இது தெரிவதில்லை.

நம்மிடம் பிடிக்கிற அளவுக்குக் கம்பெனியும் பி.எஃப். கட்டுகிறது. அதில் சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது. 2014 செப்டம்பரில் வைத்த உச்சவரம்புப்படி 15,000 ரூபாய்ச் சம்பளம் வரைதான் கணக்கு, ஆகவே மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் போகாது. சர்வீஸ் பத்து வருடம் ஆகிவிட்டால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. ஆகாவிட்டால் ஒரு தொகையை மொத்தமாக எடுக்கலாம், அவ்வளவுதான்.

சுங்குவார்சத்திரத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணன் ஒருவருக்கு நடந்ததைப் பார்த்துத்தான் நான் இதைக் கற்றேன். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2007-ல் சேர்ந்தவர். அந்த ஆலை 2006-ல் ஓடத் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. முதல் நாள் சேர்ந்தவருக்குக்கூட அங்கே பத்து வருடம் கிடையாது. வேலை போனதும் அண்ணன் தங்கை கல்யாணத்துக்காகப் பி.எஃப். பணத்தை எடுக்கப் போனார். பி.எஃப்.புக்கு ஃபாரம் 19, பென்ஷனுக்கு 10சி. எழுதிக் கொடுக்கிறவர் இரண்டையும் நிரப்பி நீட்டினார், அண்ணன் கையெழுத்துப் போட்டார். ஏழு வருடப் பென்ஷன் சர்வீஸுக்குக் கைக்கு வந்தது ஏறத்தாழ ஏழு மாதச் சம்பளம், அதுவும் உச்சவரம்புக்கு உட்பட்ட சம்பளம்.

10சி ஃபாரத்திலேயே, பணம் வேண்டாம், ஸ்கீம் சர்ட்டிஃபிகேட் கொடுங்கள் என்று கேட்க வழி உண்டு. கேட்டிருந்தால் அந்த ஏழு வருடம் அப்படியே நின்றிருக்கும். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பிறகு 2015-லிருந்து 2019 வரை ஓர் உதிரிபாகக் கம்பெனியில் இருந்தார். வண்டி விற்பனை சரிந்த அந்த வருடம் அந்த வேலையும் போனது. மறுபடியும் 19, மறுபடியும் 10சி. ஏழும் நாலும் பதினொன்று. விட்டு வைத்திருந்தால் பென்ஷன் அன்றைக்கே உறுதி. 2020-ல் புது வேலையில் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பித்தார். விடாமல் ஓடினாலும் 2030-ல்தான் பத்து. “கல்யாணத்துக்கு பி.எஃப். மட்டும் போதும்டா தம்பி, அந்த இன்னொரு ஃபாரம் எதுக்குன்னே எனக்குத் தெரியல” என்று இன்றைக்கும் சொல்வார்.

நான் ஒரே இடத்தில் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நடுவில் வல்லம் வடகாலில் ஒரு கான்ட்ராக்டர் மாதம் கூடுதலாகத் தருகிறேன் என்று கூப்பிட்டார். பி.எஃப். பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார். போகவில்லை. “ஒரே கம்பெனியில கெடந்தா எப்படிடா முன்னுக்கு வருவ?” என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அந்த முடிவு சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நியாயமாகச் சொன்னால், பென்ஷனுக்காக ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை. ஒரே யுஏஎன் எண்ணை வைத்துக்கொண்டு பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிவிட்டால் நாலு கம்பெனி சர்வீஸும் ஒன்றாகச் சேரும்.

கம்பெனி சொல்கிற பத்தும் பி.எஃப். சொல்கிற பத்தும் ஒன்றல்ல. என் முதல் வருடம் அப்ரெண்டிஸ், அந்த வருடத்துக்குப் பி.எஃப். கிடையாது. அதனால் வெள்ளிக் காசு வந்தும் பென்ஷன் கணக்கில் எனக்கு ஒன்பதுதான். பி.எஃப். தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்தால் பென்ஷனில் சேர்ந்த தேதி தெரியும். பக்கத்திலேயே என்.சி.பி. நாட்கள் என்று இருக்கும். சம்பளமில்லாத லீவு நாட்கள் அங்கே ஏறி, சர்வீஸில் கழியும். பத்தை நெருங்குகிறவர்கள் வேலையை விடுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

பத்து வருடத்துக்கு வருவது பெரிய தொகையல்ல. 15,000-ஐப் பத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 2,143 ரூபாய். இருபது வருடம் ஆகிவிட்டால் இரண்டு வருடம் கூடுதலாகச் சேர்த்து 22 என்று கணக்கிடுவார்கள், அப்போது 4,714.

கணக்கை மாற்றிய பிறகு புதுப் பாஸ்புக்கில் பழைய பென்ஷன் பணத்துக்கு நேரே பூஜ்ஜியம் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து 10சி போட்டுவிடாதீர்கள். பென்ஷனில் பணம் ஒரு பாஸ்புக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதில்லை, சர்வீஸ் மட்டும்தான் நகரும். அது சேர்ந்ததா என்று சர்வீஸ் ஹிஸ்டரியில் பாருங்கள்.