ஓடினால் காலெலும்பு வலிக்கிறதா? தடவிப் பாருங்கள்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்காக 1500 மீட்டர் ஓடுகிறாள். முன்பு வாரத்தில் மூன்று நாள், பள்ளி மண் மைதானத்தில் 4 கிலோமீட்டர் ஓடுவாள். மழையில் மைதானம் சேறானதால், ஒரு மாதமாக வாரம் ஆறு நாளும் தார் ரோட்டில் 5 கிலோமீட்டர். இப்போது முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் வலிக்கிறதாம். "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்கிறார் மாஸ்டர். புது ஷூ வாங்கினால் போதுமா?
— ஒரு தாய், நாமக்கல்

பதில்: கணக்கை நீங்களே எழுதிவிட்டீர்கள், அம்மா. வாரம் 12 கிலோமீட்டர் ஓடிய கால், ஒரேயடியாக 30 ஓடுகிறது. தரையும் கெட்டியாகிவிட்டது. மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்பு அப்படியல்ல. கூடுதல் சுமை விழுந்தால் அது முதலில் பழைய பகுதியை அரித்து எடுத்துவிட்டு, பிறகுதான் புதிதாக நிரப்பும். அந்த இடைவெளியில் தினமும் அடி விழுந்தால் வலிக்கத்தான் செய்யும். இதைத்தான் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்கிறோம்.

மகளை உட்காரவைத்து, காலெலும்பின் உள்விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் அகலத்துக்கோ அதற்கு மேலோ பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்தான். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். உடனே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமல் போவதுண்டு. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று திரும்ப ஓடவிட்டுவிடாதீர்கள்.

பரவலான வலி என்றால், அது எப்போது வருகிறது என்று கேளுங்கள். தொடக்கத்தில் வந்து, உடம்பு சூடானதும் போய்விடுகிறதா? தூரத்தைப் பாதியாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் மண்ணில் ஓடட்டும். ஓடி முடிக்கும்வரை இருந்து, மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போதும் வலிக்கிறதா? இரண்டு வாரம் ஓட்டமே வேண்டாம். வலிக்காதவரை சைக்கிள் மிதிக்கலாம். பிறகு அரைமணி நேரம் வேகமாக நடந்து பார்க்கட்டும். வலியில்லை என்றால் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று பத்து முறை. வலி எட்டிப்பார்த்தால் முந்தைய கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். ஸ்ப்ரே அடித்துக்கொண்டு ஓடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். வலி மறையும், சேதம் வளரும்.

ஷூவுக்கு வருவோம். பள்ளிச் சீருடைக்குப் போடும் கேன்வாஸ் ஷூவில்தான் ஓடுகிறாள் என்றால் மாற்றுங்கள். ஓட்ட ஷூவாக இருந்தாலும் குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. ஆனால் எவ்வளவு விலை உயர்ந்த ஷூவும் 12-ஐ 30 ஆக்கிய தவறை ஈடுகட்டாது.

இன்னொன்று: அவளுக்கு மாதவிடாய் சில மாதங்களாக வரவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு போகாதபோது அது நிற்கும்; எலும்பும் பலவீனமாகும்.

வலி போவதற்குள் மாவட்டப் போட்டி வந்துவிட்டால், இந்த வருடம் விட்டுவிடுங்கள்.