ஆறு பேருக்குள் அடங்காத வளைவு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு வங்கியின் மென்பொருளைப் பராமரிக்கும் ஆறு பேர் குழுவுக்கு நீங்கள் லீட். இந்த ஆண்டு அப்ரைசலில் ஆறு பேருமே எதிர்பார்த்த அளவுக்கோ அதற்கு மேலோ வேலை செய்ததாக ரேட்டிங் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். "பெல் கர்வில் பொருந்தவில்லை, ஒருவரையாவது கடைசி ரேட்டிங்கில் வையுங்கள்" என்று எச்.ஆர். திருப்பி அனுப்பிவிட்டது. யாரை வைப்பது என்று என்னிடம் கேட்கிறீர்கள். அந்த ஒருவர் உங்கள் குழுவில் இருந்தே தீர வேண்டுமா என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

இந்த முறையைப் பிரபலமாக்கியவர் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச். ஊழியர்களில் மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10 என்று பிரித்து, கீழே உள்ளவர்களை வெளியே அனுப்ப வேண்டும் என்றார். லட்சக்கணக்கானோர் வேலை பார்த்த நிறுவனம் அது. பெல் கர்வ் என்பது பெரிய கூட்டத்தின் குணம். ஆயிரம் பேரின் உயரத்தை அளந்தால் நடுவில் புடைத்து இரு பக்கமும் சரியும் வளைவு வரும். தெருவில் நிற்கும் ஆறு பேரை அளந்தால் அது வர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 600 பேர் உள்ள ஒரு நிறுவனம், ஆறு ஆறு பேராக 100 குழுக்கள். எச்.ஆர். சொல்வதுபோல 10 சதவீதம் பேர், அதாவது 60 பேர், உண்மையிலேயே பின்தங்கியவர்கள் என்றே ஒப்புக்கொள்வோம். ஆறு பேரில் 10 சதவீதம் 0.6. அரை ஆளைக் கடைசியில் வைக்க முடியாது; எனவே அது முழுசாக்கப்பட்டு ஒருவர் ஆகிறது. நூறு குழுக்களிலும் ஒவ்வொருவர் என்றால், 60 பேருக்குப் போட வேண்டிய கடைசி ரேட்டிங் 100 பேருக்குப் போகிறது. முழுசாக்கியதிலேயே 40 பேர் கூடுதலாகச் சிக்கிவிட்டார்கள்.

அந்த 60 பேரும் குழுவுக்கு ஒருவராக வரிசையாக உட்கார்ந்திருக்கவும் மாட்டார்கள். எந்தக் குழுவில் யார் என்பது தற்செயலாக அமைந்தால், ஒரு குழுவில் பின்தங்கியவர் ஒருவருமே இல்லாமல் இருக்கும் வாய்ப்பு 0.9-ஐ ஆறு முறை பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 53 சதவீதம். நூறு குழுக்களில் 53-இல் அப்படிப்பட்டவரே கிடையாது. ஏறத்தாழ 35 குழுக்களில் சரியாக ஒருவர் இருப்பார். மீதமுள்ள 12 குழுக்களில் இருவரோ அதற்கு மேலோ இருப்பார்கள். ஆனால் அங்கேயும் ஒருவர்தான் மாட்டுவார். எல்லா லீடுகளும் துளிப் பிசகில்லாமல் எடைபோட்டாலும், கடைசி ரேட்டிங் பெறும் 100 பேரில் 53 பேர் அதற்குத் தகுதியில்லாதவர்கள். உண்மையில் பின்தங்கிய 60 பேரிலும் சுமார் 13 பேர் தப்பிவிடுகிறார்கள். பாதிக்கு மேல் தவறிப்போகும் அளவுகோலை யாராவது நம்பி வைத்துக்கொள்வார்களா?

வேலைத்திறன் அந்த வளைவில் அமைகிறது என்பதே சந்தேகத்துக்குரியது. 2012-இல் ஓ'பாயில், அகினிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ச்சியாளர்கள், விளையாட்டு வீரர்கள், அரசியல்வாதிகள், கலைத்துறையினர் என ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் செயல்பாட்டைப் பார்த்தார்கள். பெரும்பாலும் பெல் கர்வ் பொருந்தவில்லை; மிகச் சிலர் மிக அதிகமாகச் சாதிக்க, மற்றவர்களில் பெரும்பாலோர் சராசரிக்குக் கீழே அமைந்தார்கள். போதாததற்கு, உங்கள் ஆறு பேரும் தேர்வு, நேர்காணல் என்று வடிகட்டி எடுக்கப்பட்டவர்கள். வடிகட்டிய பிறகும் கசடு இத்தனை சதவீதம் இருந்தே ஆக வேண்டும் என்றால், வடிகட்டியதற்கு என்ன பொருள்?

கணக்கு தவறினால் என்ன நடக்கும் என்பதை அலுவலகங்களில் வேலை பார்த்த யாரும் சொல்வார்கள். காரணத்திலிருந்து ரேட்டிங் பிறக்க வேண்டும். இங்கே ரேட்டிங் முதலில் முடிவாகி, காரணம் பிறகு தேடப்படுகிறது. அப்போது கண்ணில் படுபவர்கள் எதிர்த்துப் பேச முடியாதவர்கள்தான்: ஆண்டின் நடுவில் சேர்ந்தவர், பிரசவ விடுப்பில் போய் வந்தவர், பேப்பர் போட்டுவிட்டவர், வாய் பேசாதவர். சில லீடுகள் "இந்த வருஷம் நீ, அடுத்த வருஷம் அவன்" என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். இரக்கத்தில் செய்வதுதான், ஆனால் அந்த ரேட்டிங் வேலையைப் பற்றி எதையும் சொல்லாத வெறும் எண்ணாகிவிடுகிறது.

இதை அடையாளம் காணவும் வழி இருக்கிறது. நார்மலைசேஷன் கூட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒருவரின் ரேட்டிங்கையும் அதன் கீழே எழுதிய குறிப்பையும் ஒப்பிடுங்கள். எண் இறங்கியிருக்கும், குறிப்பில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது. மாறியிருந்தால் "இன்னும் பொறுப்பெடுக்க வேண்டும்" என்பதுபோல யாருக்கும் பொருந்தும் ஒரு வரி சேர்ந்திருக்கும். தேதியும் சம்பவமும் இல்லாத குறை, கட்டாயத்துக்காக எழுதிய குறை.

சிறிய குழுவில் இதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. ஆயிரம் பேர் கூட்டத்தில் உங்கள் போட்டியாளர் யாரென்றே தெரியாது. ஆறு பேருக்குள் அவர் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். நள்ளிரவில் சர்வர் விழுந்தால் அவருக்கு உதவுவது உங்கள் இடத்தைக் கீழே தள்ளிக்கொள்வதாகிறது. தெரிந்ததைச் சொல்லித்தரத் தயங்குவார்கள்; திறமையானவர்கள் நிறைந்த குழுவுக்கு மாறப் பயப்படுவார்கள். மைக்ரோசாஃப்டில் பல ஆண்டுகள் இந்த முறை இருந்தது; ஊழியர்கள் போட்டி நிறுவனங்களை விட்டுவிட்டுத் தங்களுக்குள் போட்டியிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. 2013 நவம்பரில் அந்த நிறுவனம் இதைக் கைவிட்டது.

எச்.ஆர். தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சில லீடுகள் மனம் நோகக்கூடாது என்று எல்லாருக்கும் உயர்ந்த ரேட்டிங்கை அள்ளி வழங்குகிறார்கள். ஹைக்குக்கான பணமோ ஓர் அளவுக்கு உட்பட்டது. இரண்டும் உண்மையான சிக்கல்கள். தாராளமாகப் போடுபவரைத் திருத்த, பல குழுக்களின் லீடுகள் ஒன்றாக உட்கார்ந்து, "இவருக்கு ஏன் இந்த ரேட்டிங்? என்ன செய்தார்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டாலே போதும்; ஒதுக்கீடு தேவையில்லை. பணத்துக்கு, குழுவுக்கு ஒரு தொகையைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லலாம். ஒருவருக்குக் குறைவாகக் கிடைப்பது வேறு, அவரைத் தகுதியற்றவர் என்று ஏட்டில் எழுதுவது வேறு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆறு பேருக்கும் தனித்தனியே, ஆண்டின் தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட இலக்கு, செய்து முடித்தது, விட்டது, சம்பவமும் மாதமும் சேர்த்து ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதும்போது ஒருவர் உண்மையிலேயே பின்தங்கியிருப்பது தெரிந்தால் அதை மறைக்காதீர்கள்; அவரிடம் நேரில் சொல்லிவிட்டே எழுதுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், மேலே நான் போட்ட கணக்கை இணைத்து, ஒதுக்கீட்டை உங்கள் ஆறு பேருக்குள் பார்க்காமல் முழுப் பிரிவுக்கும் சேர்த்துப் பார்க்கும்படி உங்கள் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். நூறு பேர் சேர்ந்த இடத்திலும் அந்தப் பத்து ஏழாகவும் பதின்மூன்றாகவும் மாறக்கூடியதுதான்; ஆனாலும் அநியாயம் வெகுவாகக் குறையும்.

அதையும் மறுத்து, மேலிருந்து எண்ணை மாற்றினால் அது உங்கள் கையை மீறியது. உங்கள் கையில் இருப்பது குறிப்பு எழுதும் பேனா. நடக்காத குறையை மட்டும் யார் சொன்னாலும் எழுதாதீர்கள். நாளை பதவி உயர்வுக்கோ பிஐபி-க்கோ அந்த ஊழியரின் கோப்பைத் திறப்பவர் படிக்கப்போவது நீங்கள் எழுதியதைத்தான்.

அன்புடன்,
உங்கள் நண்பன்