ஒரே தாளில் மூன்று கட்டங்கள்

கேள்வி: வார்டு மருந்துத் தாளில் வேளை மருந்து, ஒருமுறை ஊசி, 'தேவைப்பட்டால்' மருந்து மூன்றும் குழம்பாமல் இருக்க என்ன வழி? – வாசகி, செங்கல்பட்டு

பதில்: மாமல்லபுரம் சாலையில் விழுந்து, செங்கல்பட்டில் சேர்க்கப்படும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாலை 4 மணிக்குப் பாராசிட்டமால் 1 கிராம், ஒருமுறை மட்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்ற வேளை மருந்திலும் அதே 1 கிராம்; அச்சிட்ட கட்டம் 6 மணியைக் காட்டுகிறது. ஒருமுறை மருந்து வேறு பக்கத்தில் இருந்தால், இரண்டே மணி நேரத்தில் அடுத்த டோஸ் ஏறிவிடும்!

ஆஸ்திரேலியா 2006 முதல் பயன்படுத்தும் தேசிய மருந்துத் தாளில் மூன்றுக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. வேளை மருந்துக்கு நேரம் முன்பே குறிக்கப்படும். ஒருமுறை மருந்துக்கு, கொடுத்ததைக் குறிக்க ஒரே கையெழுத்துக் கட்டம். போட்டதும் அந்த வரி முடிந்தது.

'தேவைப்பட்டால்' பகுதிதான் சிக்கல். அங்கே நேரம் அச்சிடக் கூடாது. எதற்காக, குறைந்தபட்ச இடைவெளி எவ்வளவு, 24 மணி நேர உச்ச அளவு என்ன என்பதை மருத்துவர் எழுத வேண்டும். கொடுத்த நேரத்தையும் அளவையும் செவிலியர் நிரப்புவார். வலிக்காக 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையும் அங்கே இருந்தால் கவனம் தேவை: வேளைக் கணக்கின் 4 கிராமே பெரியவர்களுக்கான நாள் உச்சம். கூடுதலாக ஒரு மாத்திரைக்கும் இடமில்லை. இந்தக் கூட்டலை எந்தக் கட்டமும் தானே செய்யாது. மூன்று பகுதிகளும் ஒரே பார்வையில் பட்டால்தான் செவிலியர் செய்ய முடியும்.