தேடுசொல் அறிக்கையின் அடிவரிகள்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரையைக் கடந்து மலையேறினால் வருவது போனக்காடு. பழைய தேயிலைத் தோட்டம். அகத்தியர்கூடம் செல்லும் நடைப்பயணம் தொடங்குமிடமும் அதுவே. விதுரையில் நான்கு அறைகள் கொண்ட தங்குமிடம் நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர், ‘போனக்காடு தங்குமிடம்’ என்ற திறவுச்சொல்லுக்குக் கூகுளில் விளம்பரம் செய்வதாகக் கொள்வோம். கீழ்வரும் எண்கள் விளக்கத்திற்கானவை.

திறவுச்சொல் நாம் தேர்ந்தது. தேடுசொல் மக்கள் உண்மையில் தட்டச்சு செய்தது. விளம்பரக் கணக்கின் `Search terms` பக்கத்தில் பின்னதைக் காணலாம். ஜனவரி முதல் மார்ச் வரையிலான அறிக்கையை இறக்கி, சொடுக்குகளின் எண்ணிக்கைப்படி அடுக்கினால், 280 வரிகளின் உச்சியில் `bonacaud ghost bungalow` நிற்கிறது. 140 சொடுக்குகள், ஒன்றுக்கு 10 ரூபாய் வீதம் 1,400 ரூபாய் செலவு. ஓர் அறைகூடப் பதிவாகவில்லை. பேய் பங்களாக் கதை கேட்க வந்தவர்கள் அவர்கள். அச்சொல்லை விலக்குச் சொல்லாகச் சேர்த்துவிட்டு மேலே செல்லலாம்.

பொருள் இருப்பது அடிவரிகளில். `vithura to bonacaud jeep`, `bonaccord early morning taxi`, `bonacaud bus time 6 am` என ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சொடுக்குகளே பெற்றவை. ஊரின் பெயரையே மக்கள் பலவாறு எழுதுவதால் ஒரே தேவை பல வரிகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஆகவே, ஊர்ப்பெயரை நீக்கி, எஞ்சிய சொற்களின் கருத்தைக் கொண்டு வரிகளைத் தொகுக்க வேண்டும். அவ்வாறு தொகுத்தபோது 23 வரிகள், 52 சொடுக்குகள், ஒரே கேள்வி: விடியலில் மலையடிவாரம் சேர்வது எப்படி? அவர்கள் தேடியது அறையன்று, வண்டி. ‘விடுதி’ என்று எழுதிய விளம்பரத்தில் ‘அதிகாலை ஜீப் வசதியுடன்’ என்று சேர்க்க வேண்டிய இடமும் இதுவே.

ஆயினும் இவ்வறிக்கைக்கு எல்லைகள் உண்டு. நம் விளம்பரம் தோன்றிய தேடல்களே அதில் வரும். துல்லியப் பொருத்தத்தை மட்டும் வைத்திருந்தால் ஜீப் தேடியவர் நம் கண்ணில் பட்டே இருக்கமாட்டார். சிறு தொகைக்கேனும் பரந்த பொருத்தம் வேண்டும். மேலும், மிகச் சிலரே தேடிய சொற்களைக் கூகுள் காட்டுவதில்லை. வரிகளின் கூட்டுத்தொகை மொத்தச் சொடுக்குகளைவிடக் குறைந்திருப்பதைக் கொண்டு அதனை அறியலாம்.

இனி, 52 சொடுக்குகளை நம்பி வண்டிக்கடன் கேட்பது அவசரம். அகத்தியர்கூடப் பயணம் வனத்துறையின் அனுமதியோடு ஆண்டின் தொடக்க மாதங்களில் நடப்பது. பருவம் முடிந்தால் இத்தேடலும் ஓயும். முதலில் உள்ளூர் ஜீப் ஒன்றை நாள்வாடகைக்குப் பேசி, கட்டணத்தை வெளிப்படையாக எழுதிய தனிப் பக்கத்திற்கு அத்தேடல்களை அனுப்பட்டும். முன்பணம் செலுத்தியவர்களை மட்டும் எண்ணட்டும். பதிவுத்தொகை வாடகையையும் விளம்பரச் செலவையும் ஈடுகட்டியதா என்பதை ஏப்ரலில் கணக்குப் புத்தகமே காட்டிவிடும்.