பன்னிரு புள்ளிச் சிக்குக் கோலம்: ஒளிப்பதிவுக்கான பாடம்

புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றி வளைந்து செல்லும் சிக்குக் கோலத்தை ஒளிப்பதிவு மூலம் கற்பிக்க விரும்புவோர், முதலில் புள்ளிக் கணக்கைத் தீர்மானித்தல் வேண்டும். வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை, மொத்தம் 12 நேர்ப்புள்ளிகள் இட்டால் கோலம் ஒரே இழையில் முடியும். 3க்கு 3 இட்டால் மூன்று தனி இழைகள் வந்துவிடும். வரிசை எண்ணையும் புள்ளி எண்ணையும் ஒன்றைத் தவிர வேறு எந்த எண்ணும் பொதுவாக வகுக்கக் கூடாது என்பதே இதன் கணக்கு.

புள்ளிகளுக்கிடையே 5 அங்குலம் விட்டால் கோலம் ஏறத்தாழ 20 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் கொள்ளும். இரு மேசைகளுக்குக் குறுக்கே பலகை வைத்து, கைத்தொலைபேசியின் கமரா பலகை விளிம்புக்கு வெளியே கீழ்நோக்கியிருக்குமாறு கட்டுக. மூன்று, மூன்றரை அடி உயரம் பெரும்பாலும் போதும். கோலமிடுபவர் படத்தின் கீழ்ப்பக்கத்தில் அமர வேண்டும். எதிரே அமர்ந்தால் பார்ப்பவருக்கு இடம் வலமாகிவிடும். புள்ளி இட்டதும் திரையில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒரே நீளமாகத் தெரிகின்றனவா எனப் பார்க்கவும். ஒன்று குறுகியிருந்தால் கமரா சாய்ந்துள்ளது. உச்சிவெயிலில் பலகையின் நிழல் கோலத்தின் மேலேயே விழும். பக்கவெளிச்சமுள்ள காலைத் திண்ணையே நல்லது.

இனி உரை. முதல் 20 செக்கன் புள்ளிகளுக்கு. பின்னர் இழை பத்து இடங்களில் திரும்புகிறது. திருப்பத்துக்கு 8 செக்கன்.

0.20: "மேல்வரிசை முதற்புள்ளியை இடப்புறமிருந்து மேலாகச் சுற்றி, முதலாம் இரண்டாம் புள்ளிகளுக்கிடையே இறங்குங்கள்."

0.28: "சாய்வாகவே இறங்கி, கீழ்வரிசைக் கடைசிப் புள்ளியைக் கீழாகச் சுற்றி மேலேறுங்கள்."

0.36: "மேல்வரிசை இரண்டாம் புள்ளியின் தலைக்கு மேலாகத் திரும்புங்கள்."

இவ்வாறே நடுவரிசை இடப்புள்ளி, கீழ்வரிசை இரண்டாம் புள்ளி, மேல் வலமூலை, கீழ் இடமூலை, மேல்வரிசை மூன்றாம் புள்ளி, நடுவரிசை வலப்புள்ளி, கீழ்வரிசை மூன்றாம் புள்ளி என்ற ஒழுங்கில் சொல்லி, 1.40க்குத் தொடங்கிய இடத்தில் இழையைச் சேர்க்க வேண்டும். சொல் கைக்கு ஒரு செக்கன் முந்த வேண்டும். பிந்தினால் பார்ப்பவர் கை தடுமாறும். பின்னணி இசை இவ்விடத்தில் இடைஞ்சலே.

இழை வழிதவறுவது பெரும்பாலும் நடுவரிசையில், குறுக்கிடும் இடத்தில் நேரே செல்லாமல் வளைத்துவிடுவதால்தான். அவ்வாறாயின் சில புள்ளிகள் சுற்றப்படாதிருக்கவே இழை தொடக்கத்தை அடைந்துவிடும். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கிடையே எங்கும் ஒரு குறுக்கு இருக்க வேண்டும். இக்கோலத்தில் அவை 17. கடைசி 15 செக்கனில் கையை விலக்கி, கமராவை அசைக்காமல், இப்பதினேழையும் விரலால் காட்டி எண்ணுக.