பம்பிக் குழாய்க்குள் நிற்கும் கொங்கிறீற்

பண்ணைப் பாலங் கடந்து கரம்பொனுக்கு வரவேண்டிய கலவை லொறியை, குறைந்துபோன அரைக் கனமீற்றருக்காக மறுபடியும் அழைப்பது பெருஞ் சிரமமாதலால், வீட்டுத் தட்டுக்குரிய கணக்கோடு பம்பிக் குழாயின் கணக்கையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுதல் அவசியம்.

ஐந்து அங்குல விட்டமுள்ள குழாய் மீற்றருக்கு 12 லீற்றருக்குச் சற்று மேலாகக் கொள்ளும். ஆகவே வீதியிலிருந்து வளவின் பின்புறம்வரை 40 மீற்றர் குழாய் போனால், அதனுள் மாத்திரம் அரைக் கனமீற்றர் நிற்கும். காற்று உட்புகாதிருக்கப் பம்பியின் தொட்டியிலும் ஏறக்குறையக் கால் கனமீற்றர் எப்போதும் கிடக்கவேண்டும். ஆதலின் 30 அடிச் சதுரமும் 5 அங்குலத் தடிப்புமுள்ள தட்டு, பீம்களை நீக்கி, 10.6 கனமீற்றர் கொள்ளுமாயின், 11.5 கேட்டுவைப்பதே விவேகம்.

குழாயிலுள்ளது முழுவதும் நஷ்டமென்று எண்ணவேண்டா. முடிவில் பஞ்சுப் பந்தை இட்டுத் தள்ளினால் பெரும்பகுதி தட்டுக்கே வந்துசேரும். ஆனால் பந்தின் பின்னே வரும் நீர் விழுமுன் குழாய் வாயை அப்புறப்படுத்தாவிடில் அவ்விடம் பலவீனப்படும். ஆரம்பத்தில் குழாயை வழுவழுப்பாக்க விடும் சீமெந்துப் பாலையும் தட்டில் ஓரிடத்திலே கொட்ட இடங்கொடாதீர்கள்.

தொட்டியில் மிஞ்சுவதற்கு, முதல்நாளே பலகையடித்த கிணற்றடித் தளமோ படலையடிப் படியோ ஆயத்தமாய் இருக்கட்டும். இல்லையேல் காசு கொடுத்த சரக்கு வேலியோரத்தில் கல்லாய்க் கிடக்கும். பம்பி கழுவிய காரநீர் சுண்ணக்கல் நிலத்தூடே விரைவில் இறங்கிவிடுமாகையால், அதை நன்னீர்க் கிணற்றுக்கு எட்டத்தே, தறப்பாள் விரித்த குழியிலே விடுங்கள்.