டேப் ஒரு ஏக்கர் காட்டியது, படம் 90 சென்ட் காட்டியது

போன செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனப்போ மாமா ஒரு நிலம் பார்த்து வெச்சிருந்தார். ரோட்டோரமா, முள்வேலி போட்ட ஒரு ஏக்கர் புன்செய். சென்ட் 40,000 ரூபாய்னு பேசி, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு நாளும் குறிச்சாச்சு. "நீ சிவில் தானேப்பா, ஒரு தடவ அளந்து பாத்துரு"ன்னு சொன்னார். நானும் நண்பனும் டேப் எடுத்துட்டுப் போய் வேலியைச் சுத்தி அளந்தோம். குறுக்கேயும் ஒரு அளவு எடுத்தோம். கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 4,050 சதுர மீட்டர். ஒரு ஏக்கர்னா 4,047. பத்திரத்துலயும் 'சர்வே நம்பர் 214/2, ஏக்கர் 1.00'னு இருந்தது. டேப்பும் பத்திரமும் ஒத்துப் போயிடுச்சு, வேற என்ன வேணும்?

அன்னைக்கு ராத்திரி பட்டாவைப் பார்த்தப்போதான் சிக்கல் தெரிஞ்சுது. பட்டாவுல 214/2ங்கற எண்ணே இல்லை. 214/2B, பரப்பு 0.36.40னு இருந்தது.

இந்த 0.36.40ஐப் படிக்கத் தெரியாமலே நம்மில் பல பேர் பட்டாவை மடிச்சு பீரோவுல வெச்சுடறோம். முதல் இலக்கம் ஹெக்டேர், அடுத்தது ஏர், புள்ளிக்குப் பின்னால இருப்பது ஏரில் நூறில் பங்கு, அதாவது சதுர மீட்டர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். ஆக இது 36 ஏரும் 40 சதுர மீட்டரும், மொத்தம் 3,640 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். வகுத்தா 89.9 சென்ட். பத்து சென்ட் காணோம். மாமா பேசின விலைக்கு அது நாலு லட்சம்.

காணாமப் போனது எங்கேன்னு எண்ணே சொல்லுது, அதைக் கொஞ்சம் நிதானமா பார்க்கணும். 214 என்பது புல எண். ஒரு வருவாய் கிராமத்துக்குள்ள ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு எண். (இங்கே கிராமம்னா வருவாய் கிராமம். நாம பேச்சுல சொல்ற ஊர் அதுக்குள்ள ஒரு குக்கிராமமா இருக்கலாம். இணையத்துல தேடும்போது பாதிப் பேர் இந்த இடத்துலயே தடுக்கி விழறாங்க.) அந்தப் புலத்தைப் பங்கு பிரிச்சா 214/1, 214/2ன்னு உட்பிரிவு வரும். 214/2 மறுபடியும் பிரிஞ்சா 2A, 2B. 2A இன்னும் உடைஞ்சா 2A1, 2A2. எண்ணும் எழுத்தும் மாறி மாறி வரும். ஒரு உட்பிரிவு எண்ணைப் பார்த்தாலே அந்த நிலம் எத்தனை தடவை உடைஞ்சிருக்குன்னு வம்சாவளி மாதிரி படிச்சிடலாம்.

அப்போ 2B இருக்குன்னா, எங்கேயோ ஒரு 2A இருந்தே ஆகணும். அது யார்கிட்ட இருக்குங்கறதுதான் கேள்வி. விற்கிறவரும் சரி, தரகரும் சரி, அந்த எழுத்தை வாயால சொல்லவே இல்லை.

பத்திரத்துல பழைய எண்ணே இருந்ததுக்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டுல 1979-ல் தொடங்கி 1987 வரைக்கும் யூ.டி.ஆர். என்கிற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. கிராமம் கிராமமா போய், நிலத்துல உள்ளபடி உட்பிரிவு செஞ்சு பதிவேட்டைப் புதுசாக்கினாங்க. அதுக்கு முன்னாடி எழுதின பத்திரத்துல 214/2, ஒரு ஏக்கர். அப்புறம் வந்த பத்திரங்களை எழுதினவங்க பட்டாவைப் பார்க்காம முந்தின பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதிட்டாங்க. எங்க விஷயத்துல தாய்ப்பத்திரம் 1962. அதுல இருந்த வரி அறுபது வருஷமா நகல் ஆகிட்டே வந்திருக்கு.

eservices.tn.gov.in தளத்துல மாவட்டம், தாலுகா, கிராமம், புல எண், உட்பிரிவு கொடுத்தா பட்டாவோட 'அ' பதிவேட்டின் விவரமும், புலப்படமும் கிடைக்கும். புலப்படத்தை ஆபீஸ்ல எஃப்.எம்.பி.ன்னுதான் சொல்வாங்க. 214/2Aன்னு போட்டு 'அ' பதிவேட்டைப் பார்த்தேன். பரப்பு 0.04.10. வகைப்பாடு: அரசு புறம்போக்கு, வாய்க்கால். 0.36.40ம் 0.04.10ம் சேர்த்தா 0.40.50. 4,050 சதுர மீட்டர், அதாவது பழைய பத்திரத்தோட ஒரு ஏக்கர். கணக்கு முழுசா உட்கார்ந்துடுச்சு. நிலம் எங்கேயும் ஓடிப் போகலை. ஒரு காலத்துல வாய்க்காலுக்குன்னு அரசு எடுத்திருக்கு, அவ்வளவுதான்.

இது வில்லங்கச் சான்றுல ஏன் வரலைன்னு மாமா கேட்டார். வில்லங்கத்துல சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவான பத்திரங்கள்தான் வரும். நிலம் எடுப்பு வருவாய்த்துறைக் கோப்புல நடந்து, அங்கிருந்து நேரா பதிவேட்டுல ஏறியிருந்தா வில்லங்கத்துல ஒரு வரிகூட தெரியாது. முப்பது வருஷத்துக்குச் சுத்தமான வில்லங்கம் எங்க கையில இருந்தது, ஆனா இந்த விஷயத்துல அது எதுக்கும் உதவலை.

அடுத்து புலப்படம். சிவில் பசங்களுக்கு இது முதல் வருஷ சங்கிலி அளவைதான். ஒரு மூலைக் கல்லிலிருந்து எதிர் மூலைக் கல்லுக்கு ஒரு குறுக்குக் கோடு. அந்தக் கோட்டுல நடந்து போய், மத்த மூலைகளுக்கு நேரா வரும் இடத்துல நின்னு செங்குத்தா ஒரு அளவு. குறுக்குக் கோட்டை ஜி லைன்னும், புலத்தோட எல்லைக் கோட்டை எஃப் லைன்னும் சொல்வாங்க. ரொம்பப் பழைய படத்துல அளவு மீட்டர்ல இருக்காது, சங்கிலியும் லிங்க்கும்தான். ஒரு லிங்க் 20.12 சென்டிமீட்டர். அதை மீட்டர்னு நினைச்சுப் படிச்சா நிலம் அஞ்சு மடங்கு நீளம் ஆயிடும்.

எங்க 214/2Bக்கு நாலு மூலை. ரோட்டுப் பக்கம் 1, 2ன்னும், உள்ளே 3, 4ன்னும் வெச்சுக்குவோம். பக்கங்கள் வரிசையா 69.5, 52.4, 76.5, 54.2 மீட்டர். குறுக்குக் கோடு 1லிருந்து 3க்கு, 104 மீட்டர். அதுக்கு ஒரு பக்கம் 2ஆம் மூலை 31.4 மீட்டர் தள்ளி, இன்னொரு பக்கம் 4ஆம் மூலை 38.6 மீட்டர் தள்ளி. ரெண்டு முக்கோணம்:

½ × 104 × (31.4 + 38.6) = 3640

பட்டாவுல இருக்கிற அதே எண். படமும் பட்டாவும் ஒண்ணையொண்ணு ஆதரிக்குது, பத்திரம்தான் தனியா நிக்குது.

இங்கே ஒரு விஷயத்துல நம்ம ஆளுங்க அடிக்கடி ஏமாறுவாங்க. நாலு பக்கமும் சரியா இருக்கு, அப்போ நிலம் சரிதானேன்னு கேட்பாங்க. இல்லை. நாலு பக்கம் மட்டும் தெரிஞ்சா வடிவம் நிலைக்காது. ஆணி தளர்ந்த கயித்துக் கட்டில் மாதிரி சாயும். மேல சொன்ன அதே நாலு பக்கத்தை வெச்சுக்கிட்டு, குறுக்குக் கோட்டை மட்டும் 104க்குப் பதிலா 100ன்னு வெச்சா பரப்பு 3,768 சதுர மீட்டர் ஆகுது. மூணு சென்ட் கூடிடுச்சு, ஒரு பக்கமும் மாறலை. அதனால தரையில அளக்கும்போது குறுக்களவு இல்லாத அளவு அளவே இல்லை. இன்னொண்ணு, இறக்கின படத்தை பிரிண்ட் போட்டு அதுமேல ஸ்கேல் வைக்காதீங்க. பிரிண்டர் தாளுக்கு ஏத்தபடி சுருக்கிடும், படத்துல எழுதியிருக்கிற விகிதம் அப்புறம் பொய். எழுதியிருக்கிற எண்ணை மட்டும் நம்புங்க.

பரப்பை விட பெரிய அதிர்ச்சி படத்தோட ஓரத்துல இருந்தது. ஒரு புலத்தைச் சுத்தி வெளியே பக்கத்துப் புல எண்களை எழுதியிருப்பாங்க. ரோடு 213. அந்த 213க்கும் நம்ம 2Bக்கும் நடுவுல, 1லிருந்து 2 வரைக்கும் முழு நீளத்துக்கும், ரெண்டு கோடா ஒரு பட்டை போகுது. அதுதான் 2A. 410 சதுர மீட்டரை 69.5ஆல வகுத்தா கிட்டத்தட்ட 6 மீட்டர் அகலம். அப்போ நாங்க பார்த்த 'ரோட்டோர நிலம்' ரோட்டைத் தொடவே இல்லை. நடுவுல அரசு வாய்க்கால்.

நேர்ல ஏன் தெரியலை? மறுநாள் காலையில படத்தோட போய் நின்னோம். வாய்க்கால் தூர்ந்து போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கணும். அதுமேலயும் சேர்த்து உழுது, வேலியை ரோட்டு ஓரத்துக்கே இழுத்துப் போட்டிருந்தாங்க. ஆனா நூறு மீட்டர் வடக்கே நடந்தா, பக்கத்துப் புலத்துல வாய்க்கால் பள்ளம் அப்படியே தெரியுது, ஒரு சின்ன மதகும் இருக்கு. தெற்கேயும் சீமைக்கருவேலத்துக்கு நடுவுல பள்ளம் தொடருது. நடுவுல நம்ம வேலிக்குள்ள மட்டும் வாய்க்கால் இல்லை. எங்க டேப் பொய் சொல்லலை. நாங்க வேலியை அளந்தோம், எல்லையை அளக்கலை.

வாய்க்கால் புறம்போக்கை யாரும் யாருக்கும் விற்க முடியாது, எத்தனை வருஷம் உழுதாலும் அது பட்டா ஆகாது. அதைத் தாண்டி ரோட்டுக்கு வரணும்னா சிறு பாலம் கட்ட முறையா அனுமதி வாங்கணும். விலை பேசும்போது இதெல்லாம் கணக்குல வந்திருக்கவே இல்லை.

படத்தாலயும் எல்லாத்தையும் சொல்ல முடியாது. நிலம் யார் அனுபவத்துல இருக்குன்னு அதுல இருக்காது. சமீபத்துல செஞ்ச உட்பிரிவு படத்துல ஏறாம இருக்கலாம். ஒரே உட்பிரிவுக்குள்ள அண்ணன் தம்பி பேர் சேர்ந்த கூட்டுப் பட்டாவா இருந்து, 'வடபுறம் 50 சென்ட்'டுன்னு பத்திரம் எழுதினா, அந்த வடபுறத்துக்குப் படத்துல ஒரு கோடும் கிடையாது. அப்படி வாங்கினா பட்டா மாற்றம் 'உட்பிரிவு உள்ள இனம்' ஆகும், சர்வேயர் வந்து அளந்து கோடு போட்டு, தாலுகா ஆபீஸ் ஏத்துக்கிட்டாதான் தனி எண் கிடைக்கும். விற்கிறவர் பேர்லயே உட்பிரிவை முடிச்சுட்டு அப்புறம் வாங்கறது எவ்வளவோ மேல். தாமதம் ஆகும்தான், ஆனா சண்டை வந்தா அது அவங்க வீட்டுச் சண்டையாவே முடிஞ்சுடும்.

மாமா அட்வான்ஸை நிறுத்திட்டு, விற்கிறவரையே அரசு அளவைக்கு மனு போடச் சொன்னார். அவர் முதல்ல முறைச்சார். "எங்க அப்பா காலத்துலேருந்து இதான்பா எல்லை"ன்னார். அப்புறம் பட்டாவை அவர் கையிலேயே கொடுத்து அந்த B எழுத்தைக் காட்டினதும் கொஞ்ச நேரம் பேசலை.

மூணு வாரம் கழிச்சு சர்வேயர் வந்தார். பக்கத்து நிலத்துக்காரங்களும் வந்து நின்னாங்க. உள்ளே 3ஆம் மூலையில கல் கிடைச்சுது, அதிலிருந்து 104 மீட்டர் பிடிச்சு 1ஆம் மூலைக்கு வந்து நின்னா, வேலியிலிருந்து ஆறு மீட்டர் உள்ளே, சோளத்தட்டைக்கு நடுவுல. அங்கே தோண்டச் சொன்னார். ஒன்றரை அடியில கடப்பாரை 'ணங்'குன்னுச்சு.

இப்போ பத்திரம் 214/2B, 0.36.40 ஹெக்டேர்னு எழுதத் தயாராகுது. விலை 90 சென்ட்டுக்கு. பாலத்துக்கான மனு நம்பர் மாமாவோட பர்ஸுல இருக்கு.